பேஜ் யார் பெயரில் இருக்கிறது?

சென்னிமலைப் போர்வை, டவல், கால்மிதி விற்கும் கடை என் சித்தப்பா மகனுடையது. ஈரோட்டில் கடை, கூடவே ஒரு வெப்சைட். போன தீபாவளி முடிந்ததும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகுள் விளம்பரம் எல்லாவற்றையும் கவனிக்கச் சொல்லி ஒரு ஏஜென்சியிடம் கொடுத்திருந்தான். மாதம் 40,000 ரூபாய் கட்டணம், ஜி.எஸ்.டி. தனி. விளம்பரத்துக்குப் போடும் பணம் மாதம் 60,000, அதுவும் ஏஜென்சி கையில் கொடுத்துத்தான் செலவாகும். இப்படி மாதாமாதம் கட்டுவதை ஏஜென்சிக்காரர்கள் ரிடெய்னர் என்பார்கள். கடைத்தெருவில் ‘மாசப் பேக்கேஜ்’ என்றால்தான் புரியும்.

மே மாதக் கடைசி ஞாயிறு வீட்டுக்கு வந்தவன் உட்காரும் முன்பே சொன்னான்: “அண்ணா, ஏழு மாசமாச்சுங்க. இவங்களை நிறுத்திரலாம்னு இருக்கேன். நாளைக்கே போன் போட்டுச் சொல்லிரட்டுங்களா?”

“நாளைக்கு வேண்டாம். பேஜ் யார் பேர்ல இருக்கு?”

“நம்ம பேஜ் நம்முதுதானுங்களே.”

அங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள். நிலத்தில் பயிர் வைப்பவர் ஒருவர், பட்டா இன்னொருவர் பெயரில் என்றால் நமக்கு உடனே புரிகிறது. ஃபேஸ்புக்கிலும் கூகுளிலும் அதே வேறுபாடு உண்டு. ஒரு பேஜையோ விளம்பரக் கணக்கையோ உள்ளே போய்ப் பார்க்க, பதிவு போட உங்களுக்கு அனுமதி இருக்கலாம். ஆனால் அது எந்த நிறுவனத்தின் கணக்குக்குச் சொந்தம் என்பது வேறு கேள்வி. அனுமதியை உரிமையாளர் ஒரு நொடியில் எடுத்துவிடலாம். ஏஜென்சியை விலக்கும்போது வரும் பெரும்பாலான சண்டைகள் பணத்தால் வருவதில்லை. இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நோட்டீஸ் கொடுத்துவிடுவதால்தான் வருகின்றன.

அதற்கு முன்னால் இன்னொன்றும் பார்த்தோம். நிறுத்துவது நியாயம்தானா?

ஏஜென்சி மாதாமாதம் அனுப்பிய அறிக்கைகள் அழகாக இருந்தன. பதிவுகள் 18 லட்சம் பேரைச் சென்றடைந்தன, பின்தொடர்பவர்கள் 4,000-இலிருந்து 31,000 ஆனார்கள் என்றன. விற்பனை என்ற சொல் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆகவே அறிக்கையை மூடிவிட்டு, வெப்சைட்டின் ஆர்டர் பட்டியலை எடுத்தோம். விளம்பர லிங்க் வழியாக உள்ளே வந்து வாங்கியவர்கள் ஏழு மாதத்தில் 212 பேர். சராசரி பில் 1,150 ரூபாய். கட்டணமும் விளம்பரப் பணமும் சேர்த்துக் கொடுத்தது 7 லட்சம். ஒரு ஆர்டரைப் பிடிக்க 3,300 ரூபாய் செலவு என்று ஆகிறது. அதிலும் 39 ஆர்டர்கள் கேஷ் ஆன் டெலிவரியில் போய்த் திரும்பி வந்தவை.

காரணத்தையும் தேடினோம். ஃபேஸ்புக் விளம்பர மேலாளரில் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு நோக்கம் தேர்ந்தெடுக்க வேண்டும். வெப்சைட்டுக்கு ஆள் வரவேண்டும் என்று தேர்ந்தெடுத்தால், லிங்கை அமுக்கும் பழக்கமுள்ளவர்களைத் தேடிப் பிடித்துக் காட்டும். வாங்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால், வாங்கும் பழக்கமுள்ளவர்களைத் தேடும். இருவரும் ஒரே கூட்டம் அல்ல. இவனுடைய விளம்பரங்களில் ஆறு மாதம் ஓடியவை எல்லாம் முதல் வகை. வாங்கியதைப் பதிவு செய்யும் பிக்ஸல் என்ற சிறு நிரல் வெப்சைட்டில் இருந்தது. ஆனால் பணம் கட்டி முடிக்கும் பக்கத்தில் அது வேலையே செய்யவில்லை. யார் வாங்கினார்கள் என்று ஃபேஸ்புக்குக்குத் தெரியாதபோது, வாங்குபவரை அது எங்கிருந்து கண்டுபிடிக்கும்? ஒரு கடைக்காரர் இதைத் தானே சரிபார்க்கலாம். ஒரு வாரத்தில் பிக்ஸல் எண்ணிய ‘Purchase’ எத்தனை, வெப்சைட்டில் வந்த ஆர்டர் எத்தனை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். கொஞ்சம் முன்பின் இருக்கும். ஒரு பக்கம் பூஜ்யம் என்றால் அது பிழை.

ஏஜென்சிக்கு நியாயமாகவும் சில சொல்ல வேண்டும். ஒரு விளம்பரத் தொகுப்பு நிலைபெற வாரத்துக்கு 50 விற்பனை போலப் பதிவாக வேண்டும் என்பது ஃபேஸ்புக் வைத்திருக்கும் கணக்கு. அதனால் இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஒன்றும் தேறவில்லை என்று துள்ளுவது தவறு. மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். இவன் கடைப் பக்கமும் குறை இருந்தது. புதுச் சரக்கின் படங்களை வாரக்கணக்கில் தாமதமாக அனுப்பியிருக்கிறான். கூரியர் கட்டணம் 120 ரூபாய் என்பது பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில்தான் வாங்குபவர் கண்ணில் படும். ஆனால் பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் விற்பனை ஏன் இல்லை என்று மின்னஞ்சலில் கேட்டிருக்கிறான். இரண்டு முறையும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற பதில்தான் வந்தது. அந்த இரண்டு மின்னஞ்சல்களைப் படித்த பிறகு, நிறுத்துவது சரி என்றுதான் நானும் சொன்னேன்.

பணக் கணக்கில் ஒரு இடத்தில் அவன் கொதித்துவிட்டான். ஏஜென்சிக்குக் கொடுத்த விளம்பரப் பணம் 4,20,000. விளம்பரக் கணக்கில் செலவானதாகத் தெரிந்தது சுமார் 3,56,000 மட்டும். “64,000 ரூபாயை முழுங்கிட்டானுங்க!” என்றான். இல்லை. அது 18 சதவீத ஜி.எஸ்.டி. 60,000 கட்டினால் வரி போக விளம்பரத்துக்கு நிற்பது 50,847 தான். யாரும் திருடவில்லை. ஆனால் இதில் வேறொரு நஷ்டம் ஒளிந்திருந்தது. விளம்பரக் கணக்கு ஏஜென்சியின் ஜி.எஸ்.டி. எண்ணில் இருந்ததால், ஃபேஸ்புக் தரும் வரி பில் ஏஜென்சி பெயரில் வந்தது. ஏஜென்சி இவனுக்கு வரி பில் போடாமல், வெறும் செலவுத் தொகை என்று எழுதி வாங்கிக்கொண்டது. கணக்கு இவன் பெயரில், இவன் ஜி.எஸ்.டி. எண்ணோடு இருந்திருந்தால் அந்த 64,000-ஐ உள்ளீட்டு வரியாகக் கழித்திருக்கலாம். பட்டா யார் பெயரில் என்ற கேள்வி கடைசியில் வரிக் கணக்கு வரைக்கும் வந்து நின்றது.

அடுத்து ஒப்பந்தத்தை எடுத்தோம். நான்கு பக்கம். அதில் மூன்று வரிகள்தான் முக்கியம். முதல் ஆறு மாதம் விலக முடியாது. அது ஏப்ரலோடு முடிந்துவிட்டது. அதன்பின் யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் 30 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்து விலகலாம். இன்னொரு வரி, விற்பனை முடிவுகளுக்கு ஏஜென்சி உத்தரவாதம் தரவில்லை என்றது.

இந்தக் கடைசி வரி ஏறக்குறைய எல்லா ஏஜென்சி ஒப்பந்தத்திலும் இருக்கும். கோபத்தில் இருப்பவர்கள் இதைக் கவனிக்காமல், ‘நீங்கள் சரியாக வேலை செய்யாததால் ஒப்பந்தத்தை முறிக்கிறேன்’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் குறையை நிரூபிக்கும் பொறுப்பு எழுதியவர் தலையில் விழும். காரணம் சொல்லாமல் விலகும் வழி இருக்கும்போது அதை எடுப்பதே புத்திசாலித்தனம். மனக்குறையைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். நோட்டீஸில் அது வேண்டாம். ஆறு மாதம் முடியாமலேயே விலக வேண்டியிருந்தால் கதை வேறு. மீதி மாதங்களின் முழுக் கட்டணத்தையும் ஏஜென்சி கேட்கும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். அதைச் சொல்லிப் பேசிக் குறைக்க இடம் உண்டு. அதற்கு ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது.

நோட்டீஸுக்கு முன்னால் ஒரு வாரம் எடுத்துக்கொண்டோம். இவன் செய்தது ஒரே ஒரு மின்னஞ்சல். ஆடிட்டர் கேட்கிறார் என்று சாக்குச் சொல்லலாமா என்றான். வேண்டாம் என்றேன். எங்கள் பெயரில் ஓடும் கணக்குகள் எவை, ஒவ்வொன்றும் யாருக்குச் சொந்தம், யாரெல்லாம் உள்ளே வரமுடியும் என்ற பட்டியல் வேண்டும் என்று நேராகவே கேட்டான். கேட்க அவனுக்கு உரிமை உண்டு. கூகுள் விளம்பரத்தைப் பொறுத்தவரை, வாடிக்கையாளர் கேட்டால் அவருடைய கணக்கின் பத்து இலக்க எண்ணை ஏஜென்சி தர வேண்டும் என்று கூகுளே விதி வைத்திருக்கிறது.

பட்டியல் வந்தது. ஃபேஸ்புக் பேஜை 2019-இல் இவனே தொடங்கியிருந்தான். ஆனால் ஏஜென்சி வந்த முதல் வாரம் ‘அக்செப்ட் பண்ணுங்க சார்’ என்று வந்த அறிவிப்பை அமுக்கியதில், பேஜ் ஏஜென்சியின் பிசினஸ் போர்ட்ஃபோலியோவுக்குள் போய்விட்டது. விளம்பரக் கணக்கும் பிக்ஸலும் ஏஜென்சி அங்கேயே உருவாக்கியவை. கூகுள் விளம்பரக் கணக்கு ஏஜென்சியின் மேலாளர் கணக்கின் கீழ் இருந்தது. கூகுள் மேப்பில் கடையின் பக்கத்துக்கு ஏஜென்சியே முதன்மை உரிமையாளர். நல்ல வேளையாக டொமைன் இவன் பெயரிலேயே இருந்தது. இன்ஸ்டாகிராம் கதைதான் விசேஷம். உள்ளே நுழைய ஓ.டி.பி. போகும் போன் எண், இரண்டு மாதம் முன்பே ஏஜென்சி வேலையை விட்டுப்போன ஒரு டிசைனர் பையனுடையது.

இவற்றில் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பல ஏமாற்றம் தவிரும். ஏஜென்சி தன் போர்ட்ஃபோலியோவுக்குள் உருவாக்கிய ஃபேஸ்புக் விளம்பரக் கணக்கை, அவர்களே மனம் ஒப்பினாலும் உங்கள் பெயருக்கு மாற்றித் தரமுடியாது. அந்த வசதியை ஃபேஸ்புக் வைக்கவில்லை. பேஜை விடுவிக்க முடியும், விளம்பரக் கணக்கை முடியாது. இது தெரியாமல் பல கடைக்காரர்கள் வாரக்கணக்கில் ஏஜென்சியோடு மல்லுக்கு நிற்கிறார்கள். கூகுள் இதற்கு நேர்மாறு. கணக்கில் உங்களுக்கு Admin உரிமை கொடுத்துவிட்டால், மேலாளர் கணக்கின் இணைப்பை நீங்களே துண்டித்துக்கொள்ளலாம். பழைய விளம்பரங்கள், சொற்கள், கணக்கு வரலாறு எல்லாம் அப்படியே உங்களோடு வந்துவிடும்.

ஃபேஸ்புக்கில் அப்படியானால் என்ன இழப்பு? நினைத்த அளவு இல்லை. பேஜையும் இன்ஸ்டாகிராமையும் பார்த்து, லைக் போட்டு, மெசேஜ் அனுப்பியவர்களின் குழு பேஜைச் சார்ந்தது. பேஜ் கைக்கு வந்தால், புது விளம்பரக் கணக்கிலிருந்து கடந்த 365 நாள் வரை உள்ளவர்களை மீண்டும் திரட்டிவிடலாம். வாங்கியவர்களின் போன் எண் பட்டியல் கடையிலேயே இருக்கிறது. போவது வெப்சைட்டுக்கு வந்து வாங்காமல் போனவர்களின் குழு மட்டும்தான். அது அதிகபட்சம் 180 நாள் நினைவு. அதற்கும் வழி உண்டு. நோட்டீஸ் காலமான 30 நாளும் பழைய பிக்ஸலோடு புதுப் பிக்ஸலையும் வெப்சைட்டில் ஓடவிட்டால், கடைசி நாளில் புதியதிடம் ஒரு மாத நினைவு சேர்ந்திருக்கும். இவன் தன் சொந்த போர்ட்ஃபோலியோவைத் திறந்து, தன் ஜி.எஸ்.டி. எண்ணோடு விளம்பரக் கணக்கு உருவாக்கி, புதுப் பிக்ஸலையும் வைத்தான். பணம் கட்டும் பக்கத்தில் அது வேலை செய்கிறதா என்று தானே ஒரு டவல் ஆர்டர் போட்டுப் பார்த்தான்.

தேதியையும் யோசித்தே வைத்தோம். ஜூன் 2-ஆம் தேதி நோட்டீஸ், ஜூலை 2 கடைசி நாள். ஜூலை நடுவில் ஆடி பிறக்கும். ஆடித் தள்ளுபடிக்கு இரண்டு வாரம் முன்பே எல்லாம் கைக்கு வந்திருக்க வேண்டும். போர்வை விற்பவன் ஆடிக்கு நடுவே பேஜ் இல்லாமல் நிற்க முடியாது. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு ஏஜென்சியை மாற்றியவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். உங்கள் தொழிலின் சீசனை முதலில் காலண்டரில் குறித்துவிட்டு, அதற்குப் பின்னோக்கி எண்ணி நோட்டீஸ் கொடுங்கள்.

நோட்டீஸ் சிறியதாக இருந்தது. ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட மின்னஞ்சல் முகவரிக்கும் பதிவுத் தபாலிலும் போனது. வாட்ஸ்அப்பில் சொன்னது ஒப்பந்தப்படி எழுத்து நோட்டீஸா என்ற விவாதமே வேண்டாம். அதன் சாரம் இது:

“நமது ஒப்பந்தத்தின் விலகல் பிரிவின்படி 30 நாள் நோட்டீஸ் தருகிறேன். கடைசி வேலை நாள் ஜூலை 2. ஜூன் மாதக் கட்டணம் வழக்கம்போல் தரப்படும். புது விளம்பரம் எதையும் என் எழுத்து அனுமதி இல்லாமல் தொடங்க வேண்டாம். ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் தேதியும் இணைத்துள்ளேன். ஜூன் 20-க்குள் கணக்குகளும் ஜூன் 27-க்குள் கோப்புகளும் கிடைத்தால், சரிபார்த்த ஏழு நாளில் இறுதி பில் தீர்க்கப்படும். இதுவரை செய்த வேலைக்கு நன்றி.”

கடைசி வரியை எழுத அவனுக்கு மனமில்லை. எழுதச் சொன்னேன். பேஜை விடுவிக்க அமுக்க வேண்டிய பட்டனில் இருப்பது அவர்கள் விரல்.

நோட்டீஸ் போன மறுநாள் ஏஜென்சியின் மேலாளர் பேசினார். கட்டணத்தைப் பாதியாகக் குறைக்கிறோம், இன்னும் மூன்று மாதம் பாருங்கள் என்றார். “சார், நீங்க சொல்றது சரிங்க. ஆனா முடிவு பண்ணிட்டோம். கைமாத்துற வேலையை நல்லபடியா முடிச்சுக் குடுங்க, அது போதும்” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டான். குறைகளைப் பட்டியல் போடத் தொடங்கியிருந்தால் அந்தப் பேச்சு முடிந்திருக்காது.

ஒப்படைப்பில் வரிசை முக்கியம். முதலில் உங்கள் பெயர் உள்ளே போக வேண்டும், அது நிலைபெற வேண்டும், பிறகுதான் அவர்கள் பெயர் வெளியே வர வேண்டும். கூகுள் மேப் பக்கத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட உரிமையாளர் ஏழு நாள் கழியும் முன் மற்றவரை நீக்கவோ முதன்மை உரிமையைக் கைமாற்றவோ முடியாது. கடைசி நாளில் கேட்டால் அந்த ஏழு நாள் நோட்டீஸ் காலத்துக்கு வெளியே விழும். நாங்கள் ஜூன் முதல் வாரமே உரிமையாளராகச் சேர்க்கச் சொல்லி, இரண்டாம் வாரம் முதன்மை உரிமையை வாங்கினோம்.

பேஜை ஏஜென்சி தன் போர்ட்ஃபோலியோவிலிருந்து விடுவித்தது; அன்றே இவன் தன்னுடையதில் சேர்த்துக்கொண்டான். இன்ஸ்டாகிராமுக்கு அந்த டிசைனர் பையனைத் தேட வேண்டியிருந்தது. அவன் இப்போது பெங்களூரில் வேறு வேலையில். நல்ல பையன், ஓ.டி.பி.யைச் சொன்னான். உள்ளே போனதும் மின்னஞ்சலை மாற்றி, போன் எண்ணை மாற்றி, பிறகு பாஸ்வேர்டை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பை இவன் போனில் வைத்து, மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதிக் கல்லாப்பெட்டியில் போட்டோம். அதன்பின் உள்நுழைந்திருந்த மற்ற எல்லாக் கருவிகளையும் வெளியேற்றினோம். பதினொரு போன்கள் இருந்தன.

அவன் எதிர்பார்க்காத ஒரு பள்ளம், மொத்த வியாபார விசாரணைகள். ஹோட்டல், லாட்ஜ்காரர்கள் மொத்தமாக வாங்க ஃபேஸ்புக் விளம்பரத்திலேயே பெயரும் எண்ணும் எழுதிவிட்டுப் போகும் படிவம் ஒன்று ஓடியது. அந்தப் பதிவுகளை ஃபேஸ்புக்கிலிருந்து 90 நாள்வரைதான் தரவிறக்க முடியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வந்தவை அங்கே இல்லை. ஏஜென்சி வைத்திருந்த கூகுள் ஷீட்டில் மட்டும் இருந்தன. கேட்டு வாங்கினோம். பிறகு தங்களிடமுள்ள நகலை அழித்துவிட்டதாக ஒரு மின்னஞ்சலும் வாங்கினோம். அவை இவனை நம்பிக் கொடுத்த மனிதர்களின் போன் எண்கள். நாளை இன்னொரு போர்வைக் கடையின் விளம்பரத்துக்குப் போகக் கூடாது.

படம், வீடியோ விஷயத்தில் சட்டம் பாதி நம் பக்கம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் சொல்லி, நீங்கள் பணம் கொடுத்து எடுத்த புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரை, முதல் உரிமையாளர் நீங்கள். ஆனால் எழுதிய வாசகங்களுக்கும் டிசைன்களுக்கும் அப்படி இல்லை. அவை எழுதியவர், வரைந்தவர் பக்கம் நிற்கும்; கையெழுத்திட்ட தாளில் மாற்றித் தந்தால்தான் உங்களுடையவை. அந்தத் தாளில் எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுதான் என்று அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் ‘பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும்’ என்ற சொற்களைச் சேர்த்து ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினோம். திருத்தக்கூடிய மூலக் கோப்புகளைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. ஏஜென்சி 15,000 கேட்டது, 8,000-க்கு முடிந்தது. கொடுத்த பணம் தகும். இல்லையென்றால் ஆடிக்கு விலைப்பட்டியலை மாற்ற ஒவ்வொரு டிசைனையும் புதிதாகப் போட்டிருக்க வேண்டும்.

இறுதி பில்லை நிறுத்தி வைத்து மடக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கவனம் தேவை. சிறிய ஏஜென்சிகள் பல உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்கள். 2006-ஆம் ஆண்டின் சட்டப்படி, வேலையை ஏற்றுக்கொண்ட பிறகு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி மாதக் கூட்டாக ஏறும். இவன் ஒப்படைப்பு சரிபார்த்த நான்காம் நாள் பணத்தைப் போட்டான். ஏஜென்சியின் கணக்கில் செலவாகாமல் நின்ற முன்பண இருப்பு 6,400 ரூபாயை மட்டும் கழித்துக்கொண்டு, அதற்கு அவர்களின் எழுத்து ஒப்புதலையும் வாங்கிக்கொண்டான்.

ஏஜென்சி ஒத்துழைக்காமல் போனால்? முதலில் ஒப்பந்தப்படி ஒரு நினைவூட்டல், பிறகு வக்கீல் நோட்டீஸ். பேஜுக்குத் தனியாக ஃபேஸ்புக்கிடமும், மேப் பக்கத்துக்குக் கூகுளிடமும் உரிமை கோரலாம். கடையின் பதிவுச் சான்று, ஜி.எஸ்.டி. சான்று எல்லாம் தயாராக இருக்க வேண்டும். நாளாகும், சீசன் காத்திருக்காது. அதனால்தான் சண்டைக்கு முன்பே சாவியை வாங்கச் சொல்கிறேன்.

ஜூலை 2 இரவு ஏஜென்சியின் பெயரை எல்லா இடத்திலிருந்தும் நீக்கினான். ஃபேஸ்புக் அமைப்பில் Partners பட்டியல், கூகுள் விளம்பரத்தின் மேலாளர் இணைப்பு, கூகுள் அனலிட்டிக்ஸ் பயனர்கள், வெப்சைட்டின் நிர்வாகக் கணக்கு, நேரம் குறித்துப் பதிவு போடும் ஒரு செயலி. முன்கூட்டியே நேரம் வைத்திருந்த ஆறு பதிவுகள் வரிசையில் கிடந்தன. இரண்டில் பழைய விலை. அவற்றை அழித்தான். ஒரு மாதம் கழித்து மறுபடி எல்லாவற்றையும் திறந்து பார்த்தபோது வெப்சைட்டில் மட்டும் ஏஜென்சி டெவலப்பர் ஒருவரின் கணக்கு விட்டுப்போயிருந்தது. அதையும் எடுத்தாயிற்று.

இப்போது அவன் புது ஏஜென்சி எதையும் வைக்கவில்லை. பெருந்துறைப் பெண் ஒருவர் பகுதிநேரமாக விளம்பரம் பார்க்கிறார். எல்லாக் கணக்கும் இவன் பெயரில், அவருக்கு அனுமதி மட்டும்.

உங்கள் ஏஜென்சியோடு உங்களுக்கு எந்த மனக்கசப்பும் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் இதுதான் நல்ல நேரம். இன்றைக்கே ஃபேஸ்புக் பிசினஸ் Settings-ஐத் திறந்து, உங்கள் பேஜின் கீழே Owned by என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால், சிரித்த முகத்தோடு இருக்கும்போதே மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.